பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால்…

2022 அக்டோபர் 16. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் லேசி என்ற நகரம். ஒரு வீட்டுக்குள் கை கால்கள் டேப்பால் கட்டப்பட்டுக் கிடந்த ஒரு பெண், மணிக்கட்டில் இருந்த ஆப்பிள் வாட்ச் மூலம் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். அவரால் தெளிவாகப் பேச முடியவில்லை. ஆனால் அந்த அழைப்போடு இன்னொன்றும் நடந்தது. அவருடைய 20 வயது மகளின் போனுக்கு அந்தக் கடிகாரத்திலிருந்து அவசரச் செய்தி போனது. தாக்கியவர் அதைக் கண்டுபிடித்துச் சுத்தியலால் கடிகாரத்தை உடைத்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பெண் காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டு, ஆழமில்லாத குழியில் புதைக்கப்பட்டு, தன் முயற்சியாலேயே மண்ணை விலக்கி வெளியே வந்து உயிர் பிழைத்தார். கடிகாரம் உடைவதற்குள் போலீஸுக்கும் மகளுக்கும் தகவல் போய்விட்டிருந்தது.

அந்த மகளுக்குச் செய்தி போனது தற்செயல் அல்ல. என்றோ ஒரு நாள், எந்த ஆபத்தும் இல்லாத நேரத்தில், அவருடைய பெயர் அவசரத் தொடர்பாகப் பதிவு செய்யப்பட்டிருந்தது. அந்தப் பதிவு இல்லாவிட்டால் கடிகாரம் 911-ஐ மட்டும்தான் அழைத்திருக்கும்.

கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொள்பவர்களில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். பக்கத்துப் பட்டனை அழுத்தினால் அழைப்பு போகும், அது வாங்கிய நாளிலிருந்தே வேலை செய்யும். ஆனால் உறவினருக்குச் செய்தி போவதும், மயங்கிக் கிடப்பவரின் நோய் விவரம் மருத்துவருக்குத் தெரிவதும் நாமே நிரப்பி வைத்தால்தான் நடக்கும். அந்தப் பக்கம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.

பட்டன் எது, என்ன நடக்கும்?

ஆப்பிள் வாட்ச்சின் ஒரு ஓரத்தில் இரண்டு பட்டன்கள் இருக்கும். உருண்டையாகச் சுழல்வது கிரௌன். அதன் கீழே தட்டையாக, நீளமாக இருப்பதுதான் பக்கத்துப் பட்டன். ஆபத்துக்கு உதவுவது இந்தத் தட்டைப் பட்டன். கிரௌனை அழுத்திப் பிடித்தால் சிரி வரும், உதவி வராது. பதற்றத்தில் இரண்டும் குழம்பும் என்பதால், பெரியவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பவர்கள் அவர்கள் விரலைப் பிடித்து அந்தப் பட்டனைத் தடவிக் காட்டுவது நல்லது.

பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் முதலில் திரையில் சில நகர்த்துபட்டைகள் தோன்றும். அவற்றில் ஒன்று `Medical ID`, இன்னொன்று `Emergency Call`. இந்த இடத்தில் இரண்டு வழி உண்டு. `Emergency Call` பட்டையை விரலால் இழுத்தால் உடனே அழைப்பு போகும். இழுக்க முடியாத நிலையில் இருந்தால் பட்டனை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் போதும். கடிகாரம் பலமாக ஒலி எழுப்பியபடி எண்களைப் பின்னோக்கி எண்ணும், முடிந்ததும் தானே அழைக்கும். எண்ணி முடிப்பதற்குள் விரலை எடுத்துவிட்டால் அழைப்பு போகாது.

திரையைப் பார்க்கக்கூட முடியாதவருக்கு இந்த இரண்டாவது வழிதான் கைகொடுக்கும். கண்ணாடி கீழே விழுந்திருக்கலாம், கை நடுங்கலாம், இருட்டாக இருக்கலாம். பட்டனை அழுத்திப் பிடிக்க அதெல்லாம் தடையில்லை. இந்த வசதி 2016-இல் வாட்ச்ஓஎஸ் 3 மென்பொருளுடன் வந்தது. இதை இயக்கும் சுவிட்சின் பெயர் `Hold Side Button to Dial`. ஐபோனில் உள்ள `Watch` செயலியில் `Emergency SOS` என்ற பகுதிக்குள் அது இருக்கும். ஒருமுறை தவறி அழைப்பு போய்விட்டதே என்று சிலர் அதை அணைத்து வைக்கிறார்கள். அணைத்தால் பட்டையை இழுத்துத்தான் அழைக்க வேண்டும், பிடித்துக்கொண்டே இருந்தால் எதுவும் நடக்காது. தனியாக இருக்கும் பெரியவரின் கடிகாரத்தில் அந்த சுவிட்சு திறந்தே இருக்க வேண்டும்.

கடிகாரம் அந்தந்த நாட்டின் அவசர எண்ணை அழைக்கும். அமெரிக்காவில் 911, இந்தியாவில் 112. போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்குமான பொது எண் 112. எடுப்பவரிடம் என்ன உதவி வேண்டும், எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்தில் என்ன அடையாளம் என்று வாயால் சொல்லிவிட வேண்டும். கடிகாரத்துக்கு இடம் தெரியும் என்பதால் அவர்களுக்கும் தெரிந்துவிடும் என்று சும்மா இருக்கக் கூடாது.

உறவினருக்குச் செய்தி எப்போது போகும்?

பலர் நினைப்பதுபோல, பட்டனை அழுத்தியதும் கடிகாரம் பிள்ளைகளை அழைப்பதில்லை. முதலில் அவசர எண்ணுடன் பேச்சு. அந்த அழைப்பு முடிந்த பிறகு, அவசரத் தொடர்புகளாகப் பதிந்துள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் குறுஞ்செய்தி போகும். இன்னார் அவசர உதவியை அழைத்திருக்கிறார் என்ற தகவலும், அவர் இருக்கும் இடமும் அதில் இருக்கும். இடம் காட்டும் வசதி அணைக்கப்பட்டிருந்தாலும் இதற்காகத் தற்காலிகமாகத் திறந்துகொள்ளும். அவர் இடம் மாறினால், அதாவது ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனால், புதிய இடமும் பிறகு தெரிவிக்கப்படும். தவறுதலாக நடந்த அழைப்பு என்றால் செய்தி போகும் முன் ரத்து செய்ய வாய்ப்பு தரப்படும்.

இதிலிருந்தே யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். செய்தி குறுஞ்செய்தியாகப் போவதால் வீட்டு லேண்ட்லைன் எண்ணைப் போட்டுப் பயனில்லை. பாசம் அதிகம் என்பதற்காக வெளிநாட்டில் இருக்கும் மகளை மட்டும் போட்டாலும் பயன் குறைவு, அங்கே நள்ளிரவாக இருக்கலாம். பத்து நிமிடத்தில் நடந்து வந்து கதவைத் தட்டக்கூடியவர் ஒருவர், ஆஸ்பத்திரிக்கு வந்து கையெழுத்துப் போடக்கூடியவர் ஒருவர், மருத்துவ வரலாறு தெரிந்தவர் ஒருவர் என்று மூவர் இருந்தால் நல்லது. மூவரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். சொல்லாமல் விட்டால், திடீரென்று வரும் அந்தச் செய்தியை மோசடிச் செய்தி என்று நினைத்து அழித்துவிடவும் கூடும்.

112 போன்ற அவசர எண்ணையே தொடர்பாகப் போட முடியாது, கருவி அதை ஏற்காது.

நிரப்பும் முறை, ஒரு வீட்டை வைத்து

கும்பகோணத்தில் தனியாக வசிக்கும் 68 வயது அம்மா ஒருவரை நினைத்துக்கொள்வோம். மகன் பெங்களூரில், மகள் சிங்கப்பூரில். அம்மாவுக்கு 2016-இல் இதய வால்வு மாற்றி, உலோக வால்வு பொருத்தியிருக்கிறது. அதனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் இரவில் ஒரு மாத்திரை. சர்க்கரை உண்டு. பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது. தீபாவளிக்கு வந்த மகன் கடிகாரத்தை வாங்கிக் கொடுக்கிறான். அம்மாவிடம் ஏற்கெனவே ஐபோன் இருக்கிறது.

இந்தப் பதிவைச் செய்யும் இடம் கடிகாரம் அல்ல, அம்மாவின் ஐபோன். அதில் `Health` செயலியைத் திறந்து, மேலே மூலையில் உள்ள படத்தைத் தொட்டால் `Medical ID` வரும். அதில் `Edit` என்று கொடுத்தால் கட்டங்கள் திறக்கும். பிறந்த தேதி, நோய்கள், ஒவ்வாமை, மருந்துகள், ரத்த வகை, பேசும் மொழி, குறிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள். இங்கே நிரப்புவதுதான் கடிகாரத்திலும் தெரியும்.

மகன் முதலில் நோய்க் கட்டத்தில் `Heart patient, sugar` என்று எழுதுகிறான். வீட்டில் எல்லோரும் சொல்வதும் அதுதான். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு இதில் பயன்படும் தகவல் ஒன்றும் இல்லை. இதய நோய் என்றால் அடைப்பா, வால்வா, துடிப்புக் கோளாறா என்று தெரியாது. ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்து, `Mechanical mitral valve, 2016. Type 2 diabetes` என்று மாற்றுகிறான்.

மருந்துக் கட்டத்தில் கடைப் பெயரை மட்டும் எழுதாமல் அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் பார்த்து எழுத வேண்டும். கடைப் பெயர்கள் ஊருக்கு ஊர், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். `Acenocoumarol 2 mg, night. BLOOD THINNER` என்பது எந்த ஊர் மருத்துவருக்கும் புரியும். சர்க்கரை மாத்திரையின் பெயரும் அவசியம். சில மாத்திரைகளும் இன்சுலினும் சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும். அப்படி இறங்கியவர் உளறுவார், தள்ளாடுவார், பார்ப்பவர்கள் குடித்திருக்கிறார் என்றோ பக்கவாதம் என்றோ தவறாக எண்ணக்கூடும். மாத்திரையின் பெயர் கண்ணில் பட்டால் முதல் வேலையாகச் சர்க்கரை அளவைப் பார்ப்பார்கள்.

ஒவ்வாமைக் கட்டத்தில் `Penicillin` என்பதோடு என்ன ஆனது என்பதையும் சேர்க்க வேண்டும். உடம்பில் தடிப்பு வந்ததா, மூச்சுத் திணறியதா என்பது மருத்துவரின் முடிவை மாற்றும். ரத்த வகை உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போட வேண்டும், சந்தேகம் இருந்தால் காலியாக விடலாம். ஆஸ்பத்திரியில் எப்படியும் பரிசோதித்துத்தான் ரத்தம் ஏற்றுவார்கள். குறிப்புக் கட்டத்தில் அம்மா வழக்கமாகப் போகும் இதய மருத்துவமனையின் பெயரும், இந்த விவரத்தை எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கட்டும். மருந்து மாறும்போதெல்லாம் அந்தத் தேதியும் மாற வேண்டும்.

பிறகு அதே பக்கத்தில் அவசரத் தொடர்புகள். பெயர் முதலில் போனின் கான்டாக்ட்ஸில் இருக்க வேண்டும். அங்கிருந்து தேர்ந்தெடுத்து, உறவு முறையையும் குறித்தால் முடிந்தது. எதிர்வீட்டுப் பெண், பெங்களூர் மகன், சிங்கப்பூர் மகள் என்று மூவர். எண்கள் நாட்டுக் குறியீட்டுடன், அதாவது `+91` என்றோ `+65` என்றோ தொடங்கினால், அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கும்போதும் சிக்கல் வராது.

கடைசியாக, `Show When Locked` என்ற சுவிட்சு. இதைத் திறக்காவிட்டால் இவ்வளவு எழுதியதும் வீண். பூட்டிய போனிலும் கடிகாரத்திலும் பிறர் இந்த விவரத்தைப் பார்க்க அனுமதிப்பது இதுதான். கடிகாரத்தை எடுத்தவர் யாரும் பார்க்க முடியும் என்பதால், உயிர் காக்கத் தேவையானதை மட்டும் எழுத வேண்டும். ஆதார் எண், வங்கி விவரம் எதுவும் அங்கே வேண்டாம். பக்கத்திலேயே, அழைப்பின்போது விவரத்தை அவசர சேவைக்கு அனுப்பும் சுவிட்சு ஒன்றும் இருக்கலாம். அது அமெரிக்கா போன்ற சில நாடுகளில் மட்டும் பயன்படும். மற்ற இடங்களில் யாராவது ஒருவர் திரையைத் திறந்து பார்த்தால்தான் உண்டு.

விழுந்த நாளில்

ஒரு காலை, குளியலறை வாசலில் அம்மா வழுக்கி விழுகிறார். பின்தலை தரையில் மோதுகிறது. போன் படுக்கையறையில். எழுந்து போக முடியவில்லை. பட்டனைப் பிடிக்கிறார், ஒலி கேட்கிறது, விடாமல் பிடிக்கிறார். கடிகாரத்திலிருந்தே குரல் வருகிறது. தெருப் பெயரையும் பக்கத்துக் கோயிலையும் சொல்கிறார். அழைப்பு முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண்ணின் போன் அதிர்கிறது.

அவர் ஓடி வரும்போது அம்மா அரை மயக்கத்தில். ரத்தம் அதிகமில்லை, சிறு வீக்கம்தான். கொஞ்சம் படுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றக்கூடிய காயம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவரின் மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்துகொண்டே இருக்கலாம். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மகன் ஒரு விஷயம் கற்றுக்கொடுத்திருந்தான். அம்மாவின் கடிகாரத்தில் அதே பட்டனைச் சற்று அழுத்திப் பிடித்து, பட்டைகள் தோன்றியதும் விரலை எடுத்துவிட்டு, `Medical ID` பட்டையை இழுக்க வேண்டும். அவர் அப்படியே திறந்து ஆம்புலன்ஸ் ஊழியரிடம் காட்டுகிறார். ஆஸ்பத்திரியில் உடனே தலைக்கு சிடி ஸ்கேன், ரத்தம் உறையும் வேகத்துக்கான ஐஎன்ஆர் பரிசோதனை, தேவைப்பட்டால் மருந்தின் வேலையை முறிக்கும் சிகிச்சை என்று அடுத்தடுத்து நடக்கும். மருந்தின் பெயர் தெரியாமல் போயிருந்தால் இதே முடிவுக்கு வர நேரம் பிடித்திருக்கும்.

இந்தக் கதையில் ஒரு விஷயம் சாதகமாக அமைந்தது. போன் அடுத்த அறையில் இருந்தது. போன் நம்பர் வசதி இல்லாத சாதாரண ஜிபிஎஸ் வாட்ச், ஐபோன் வழியாகத்தான் அழைக்கும். அதற்குப் போன் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது வீட்டு வைஃபை வழியாக அழைக்கும் வசதியை முன்பே அமைத்திருக்க வேண்டும். அம்மா போனை வீட்டில் வைத்துவிட்டு நடைப்பயிற்சிக்குப் போன இடத்தில் விழுந்திருந்தால் அந்தக் கடிகாரம் உதவியிருக்காது. தானே அழைக்கக்கூடியது செல்லுலார் மாடல். இந்தியாவில் ஜியோவும் ஏர்டெல்லும் 2018 முதல் அதற்கு இணைப்பு தருகின்றன. எந்த மாடல் என்பதை வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

சார்ஜ் இன்னொரு கவலை. பெரும்பாலான மாடல்களைத் தினமும் ஒருமுறை சார்ஜ் செய்ய வேண்டும். குளிக்கப் போகும்போது கழற்றிச் சார்ஜில் போடுவது பலரின் வழக்கம். ஆனால் பெரியவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடங்களில் ஒன்று குளியலறை. மாலையில் நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்க்கும் நேரமே சார்ஜுக்கு ஏற்றது.

பட்டனை அழுத்த முடியாதபோது

2019-இல் நார்வேயில் 67 வயது ஆண் ஒருவர் இரவில் குளியலறையில் மயங்கி விழுந்து, மண்டையோட்டில் முறிவுகளோடு கிடந்தார். அவர் எந்தப் பட்டனையும் அழுத்தவில்லை. விழுந்ததைக் கடிகாரமே உணர்ந்து உதவியை அழைத்தது, போலீஸ் வந்து தரையில் கிடந்தவரைக் கண்டுபிடித்தது. இது `Fall Detection` என்ற வசதி, 2018-இல் வந்த சீரிஸ் 4 முதல் உண்டு. பலமாக விழுந்தவர் சுமார் ஒரு நிமிடம் அசையாமல் கிடந்தால் கடிகாரம் எச்சரிக்கை ஒலி எழுப்பி, பிறகு தானே அழைக்கும். பதிவில் வயது 55 அல்லது அதற்கு மேல் என்று இருந்தால் இது தானாகவே இயங்கும், இளையவர்கள் தாமே திறந்துகொள்ள வேண்டும். பிறந்த தேதியைச் சரியாகப் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் எல்லா விழுதலையும் கடிகாரம் கண்டுகொள்ளாது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தவரை அது விழுந்தவராகக் கருதாமல் போகலாம். மார்பு வலி வந்தால், யாராவது கதவை உடைத்தால், விழுதலே இல்லை. அங்கெல்லாம் பட்டன்தான்.

தவறி அழைத்துவிட்டால்

தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிப் பட்டன் அழுந்தலாம், உடற்பயிற்சியில் கையை ஊன்றும்போதும் அழுந்தலாம். அடிக்கடி அப்படி நடந்தால், பட்டன்கள் முழங்கை பக்கம் வரும்படி கடிகாரத்தைத் திருப்பிக் கட்டிக்கொள்ளலாம். திரையும் அதற்கேற்பத் திரும்ப அமைப்புகளில் வழி இருக்கிறது.

தவறி அழைப்பு போய்விட்டால் பதறித் துண்டிப்பதுதான் பெரிய தவறு. பிரிட்டனில் 2023-இல் ஆண்ட்ராய்டு போன்களின் அவசர அழைப்பு வசதியால், பேச்சே இல்லாத அழைப்புகள் 999 எண்ணில் குவிந்தன. யாரும் பேசாத அழைப்பை ஆபத்தில்லை என்று தள்ளிவிட முடியாததால் ஒவ்வொன்றுக்கும் நேரம் செலவானது. தவறாக அழைத்தவர்கள் இணைப்பிலேயே இருந்து, தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லுமாறு அங்குள்ள போலீஸ் தலைமை கேட்டுக்கொண்டது. இங்கும் அதையே செய்ய வேண்டும். தெரியாமல் பட்டுவிட்டது, நான் நலமாக இருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம் போதும்.

சோதித்துப் பார்ப்பதற்காக 112-ஐ அழைக்கவும் கூடாது. அழைக்காமலே பழகலாம். பட்டனை அழுத்திப் பிடித்து, பட்டைகள் தோன்றியதும் விரலை எடுத்துவிட வேண்டும். பிறகு `Medical ID` பட்டையை இழுத்துப் பார்த்தால், எழுதிய விவரம் கடிகாரத்துக்கு வந்திருக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். எதுவும் வரவில்லை என்றால் ஐபோனில் `Show When Locked` திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டில் யார் கையிலாவது இந்தக் கடிகாரம் இருந்தால், இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை அட்டைகளையும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் மேஜையில் எடுத்து வையுங்கள். மருந்தின் பெயர்களைப் பார்த்து நிரப்புங்கள், பக்கத்து வீட்டில் இருப்பவரின் எண்ணைச் சேருங்கள், சேர்த்ததை அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.